ஐயம் கொண்ட நண்பனுக்கும் அவையில் ஓர் ஆசனம்

பல்கலைக்கழகங்களில் இளைஞர் கருத்தரங்குகள் நடைபெறும்போது, ‘கல்விக்கூடத்தில் இறைநம்பிக்கையோடு வாழ்தல்’ என்பது போன்ற தலைப்பில் பேசும்படி பக்தியுள்ள மாணவர் ஒருவரை அழைப்பதுண்டு. அழைப்பு வந்ததும் பேரனோ பேத்தியோ வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம்தான் முதலில் ஓடிவருகின்றனர். “என்ன பேசுவது? முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் கடவுள் இல்லை என்கிறார்களே!” என்று தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. மேடையில் பத்து நிமிடம் பேசியபின், அதே நண்பர்களோடு நான்கு ஆண்டுகள் ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் படிக்க வேண்டுமல்லவா? பேச்சு கடுமையானால் நட்பு முறியும். மழுப்பலானால் நெற்றியில் இட்ட திருநீற்றுக்கே பொருள் இல்லாமற் போகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதை நம் சமய நூல்களே வகுத்துத் தந்திருக்கின்றன.

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கினுள் ஒன்று சிவஞான சித்தியார். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் அருளிய அந்நூல், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கம் பிறர் கொள்கைகளை ஆராய்வது; சுபக்கம் தம் கொள்கையை நிறுவுவது. தம் கொள்கையை உரைப்பதற்கு முன்பே பதினான்கு மாற்றுக் கொள்கைகளை எடுத்துக்கொள்கிறார் ஆசிரியர். அந்த வரிசையில் முதலாவதாக நிற்பவன் யார் தெரியுமா? கடவுளும் இல்லை, உயிரும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்னும் உலகாயதன்! சைவத்தின் தலையாய நூல் ஒன்றில் முதல் ஆசனம் நாத்திகனுக்கே தரப்பட்டிருக்கிறது. முதலில் அவன் சொல்வது முழுமையாகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னரே மறுப்பு வருகிறது. அம்மறுப்பு மென்மையானது என்று கூறிவிட முடியாது. ஆயினும் எதிராளியின் சொல்லை மறைத்துவிட்டு அது வெற்றி கொள்வதில்லை.

மேடையேறும் மாணவனுக்கு உரிய முறையும் இதுவே. பத்து நிமிடப் பேச்சில் முதல் மூன்று நிமிடத்தை நண்பனுடைய ஐயத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். நண்பன் அதைக் கேட்டு, “ஆம், நான் சொல்வது இதைத்தான், நானே இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை” என்று தலையசைக்க வேண்டும். அப்படித் தலையசைத்தால் பேச்சின் பாதி வேலை முடிந்தது. முகம் சுளித்தால், அவனுடைய கேள்வி இன்னும் நமக்கு விளங்கவில்லை என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உயிரியல் பயிலும் நண்பன் ஒருவன், “மூளை வேலை செய்தால் உணர்வு இருக்கிறது, மூளை நின்றால் உணர்வும் நின்றுவிடுகிறது. இடையில் ஆன்மா எங்கே வந்தது?” என்று கேட்கிறான். புதிய விஞ்ஞானம் எழுப்பிய கேள்வி போலத் தோன்றும் இது, மிகப் பழையது. உலகாயதர் கூறும் புகழ்பெற்ற உவமை ஒன்று உண்டு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கிலும் அந்தச் செம்மை இல்லை. மூன்றும் வாயில் கூடியதும் சிவப்பு பிறக்கிறது. அதுபோலவே பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றுகிறது. அவை பிரிந்தால் அதுவும் மறைகிறது என்பது அவர்கள் வாதம். இந்த உவமையை மாணவன் மேடையில் எடுத்துச் சொன்னால், நண்பனுக்கு ஒரு வியப்பு ஏற்படும். தன் ஐயத்தைப் பாவம் என்று ஒதுக்காமல், பல நூற்றாண்டுகளாக உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரியும்.

இனி விடை. சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளைக் கொள்கிறது: காண்டல், கருதல், உரை. கண்டறிவது காண்டல், கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், அருளாளர் வாக்கையும் ஆகமத்தையும் நம்பி ஏற்பது உரை. முதல் இரண்டும் நண்பனுக்கும் உடன்பாடானவை. கொள்ளுப்பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டவர் வீட்டில் எவரும் இல்லை. ஆயினும் அவர் வாழ்ந்தார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே அந்தப் பொது நிலத்தில் நின்றே மாணவன் பேசலாம். “வெற்றிலையின் சிவப்பு காணப்படும் பொருள். உணர்வோ அந்தச் சிவப்பைக் காண்பது. காணப்படுவதை உவமையாக வைத்துக் காண்பவனை விளக்கிவிட முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. இது உன்னை வாயடைக்கும் விடை அன்று. நீயும் இதற்கு மறுமொழி சொல்லக்கூடும், கேட்கக் காத்திருக்கிறேன்” என்று அவன் சொல்லலாம்.

மூன்றாவதான உரை என்னும் இடத்தில்தான் இருவரும் பிரிகின்றனர். அதை ஒளிக்காமல் சொல்வதே அழகு. “திருமுறையும் ஆகமமும் எனக்குச் சான்று, உனக்கு அவை சான்று ஆகா என்பதை அறிவேன். அதனால் அவற்றை உன்மேல் சுமத்தமாட்டேன். நான் எதை நம்பி வாழ்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்” என்று கூறும் மாணவனை எவரும் இகழமாட்டார். அதன் பின் அவன் தன் நாளைச் சொல்லட்டும். விடியலில் விடுதி அறையின் மூலையில் ஐந்து நிமிடம் ஐந்தெழுத்து ஓதுவது, தேர்வில் தோற்ற நாளிலும் அதை விடாதது, காய்ச்சலில் கிடந்த தோழனுக்குக் கஞ்சி வாங்கிவந்ததையும் பூசையாகவே எண்ணியது ஆகியவை வாதத்துக்கு உரியவை அல்ல, வாழ்ந்து காட்டியவை.

இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. அவையை வெல்ல வேண்டும் என்னும் ஆர்வத்தில், கோயில் மணியோசை கிருமிகளைக் கொல்கிறது என்றும், நம் முன்னோர் அன்றே எல்லா விஞ்ஞானமும் அறிந்திருந்தனர் என்றும் ஆதாரமில்லாச் செய்திகளைச் சிலர் அடுக்குகின்றனர். விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் அப்போது மறுத்துப் பேசுவதில்லை, புன்னகையோடு மௌனமாகின்றனர். அந்த மௌனத்தை வெற்றி என்று எண்ணிவிடலாகாது. ஒரு செய்தி பொய்யென்று தெரிந்தால், அதனோடு சேர்த்துச் சொன்ன மெய்யையும் அவர்கள் ஐயுறுவர். மணியோசை மனத்தை இறைவன்பால் திருப்புகிறது என்று சொன்னாலே போதும், அது உண்மை.

கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்த நரேந்திரர், 1881-இல் ஸ்ரீராமகிருஷ்ணரைச் சந்தித்தவர். கடவுளைக் கண்டதுண்டா என்று நேருக்கு நேர் கேட்டவர். பணத்தைத் தீண்டினால் குருதேவரின் உடல் தாங்காது என்பதைச் சோதிக்க, அவருடைய படுக்கையின் அடியில் ஒரு நாணயத்தை மறைத்து வைத்ததும் அவரே. அதை அறிந்த பரமஹம்சர் சினக்கவில்லை. நாணயம் மாற்றுவோர் காசைத் தட்டிப் பார்ப்பதுபோல் தம்மையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்று மகிழ்ந்தார். அன்று சோதித்த இளைஞரே பின்னர் சுவாமி விவேகானந்தர் ஆனார். ஐயுறும் நண்பர் எல்லோரும் அப்படி ஆவர் என்பதன்று. ஐயத்தைக் கண்டு பக்தன் அஞ்ச வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

வீட்டுப் பெரியோருக்கும் இதில் ஒரு பணி உண்டு. பேச்சை ஒத்திகை பார்க்கும் மாலையில், தாத்தா உலகாயதனாக அமரலாம். “ஆன்மா எங்கே இருக்கிறது, காட்டு!” என்று பேத்தியை மடக்கிக் கேட்கலாம். அவள் கோபம் கொண்டால், அந்த இடத்தில் பேச்சு இன்னும் பக்குவப்படவில்லை என்று அறியலாம். சிரித்துக்கொண்டே, “உங்கள் கேள்வியை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், தாத்தா” என்று அவள் தொடங்கினால், மறுநாள் கவலையின்றி அவளை மேடைக்கு அனுப்பலாம்.