ஆர்டர் கைவிட்டுப் போன பிறகு

அமெரிக்க மத்திய அரசின் பெரிய டெண்டர்களில் தோற்றவர்கள் காரணம் கேட்பதற்கு முறையான ஏற்பாடே உண்டு. முடிவு தெரிந்த 3 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், அவர்கள் கொடுத்த திட்டத்தில் எங்கே குறை, என்ன மதிப்பீடு கிடைத்தது என்று அதிகாரிகள் விளக்குவார்கள். வென்றவரின் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

தனியார் வியாபாரத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. காரணம் சொல்வதும் சொல்லாததும் வாடிக்கையாளர் விருப்பம். ஆனாலும் அந்த வரம்பை இங்கேயும் வைத்துக்கொள்வது நல்லது. 'அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?' என்று கேட்டால் எதிர்முனை உடனே தற்காப்புக்குப் போய்விடும். 'எங்கள் கொட்டேஷனில் எந்த இடத்தில் தயங்கினீர்கள்?' என்று கேட்டால் பேச்சு நீளும்.

கோவையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம், ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் ஆர்டரை இழந்ததாக வைத்துக்கொள்வோம். 'விலை கொஞ்சம் அதிகம்' என்று பதில் வருகிறது. யாரையும் புண்படுத்தாத பதில் என்பதால் பெரும்பாலும் இதுதான் வரும். அன்று மாலையே 'இன்னும் குறைத்துத் தருகிறோம்' என்று போன் செய்தால் கெஞ்சலாகிவிடும். 'இரண்டு மாதம் அலைந்தோமே' என்றால் புலம்பல்.

அதற்குப் பதிலாக, புதியவரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருந்து இப்படி எழுதலாம்: 'சார், வணக்கம். உங்கள் முடிவை மாற்றச் சொல்லி எழுதவில்லை. அடுத்த மருத்துவமனைக்குப் போகுமுன் எங்கள் தரப்பில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். பத்து நிமிடம் பேச முடியுமா? எங்கள் சேல்ஸ் ஆள் இல்லாமல், சப்போர்ட் பார்க்கும் ஒருவர் அழைப்பார்.' கடைசி வரிதான் முக்கியம். நேரில் பார்த்துப் பழகிய சேல்ஸ்காரரிடம் குறை சொல்ல யாருக்கும் சங்கடமாகவே இருக்கும்.

போனில் முதல் கேள்வி: 'எங்கள் விலையும் அவர்கள் விலையும் ஒன்றாக இருந்திருந்தால் எங்களை எடுத்திருப்பீர்களா?' சட்டென்று 'ஆமாம்' என்றால் விலைதான் காரணமாக இருந்திருக்கலாம். 'அது வந்து...' என்று இழுத்தால் காரணம் வேறு. இந்த மருத்துவமனை விஷயத்தில், பழைய நோயாளிகளின் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு யார் மாற்றித் தருவது என்பது கொட்டேஷனில் இல்லை. டெமோவுக்கு நிர்வாகிகள் மட்டுமே வந்திருந்தார்கள். கவுன்டரில் உட்காருபவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

'அந்த வசதி எங்களிடம் இருக்கிறதே!' என்று சொல்லத் தோன்றும் இடம் இதுதான். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'சரிங்க, அப்புறம்?' என்பதே போதும்.

சிலர் பதிலே போட மாட்டார்கள். சில இடங்களில் இதைப் பற்றி வெளியே பேச நிறுவனமே அனுமதிக்காது. ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். பதில் சொன்னவருக்கு மறுநாள் நன்றி அனுப்பும்போது புதிய விலைப்பட்டியலை இணைக்கவே கூடாது.