டயானாவின் ஜாதகத்தில் இல்லாத நெருப்பு

இளவரசி டயானா 1961 ஜூலை 1 அன்று மாலை ஏழே முக்கால் மணிக்கு இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காமில் பிறந்தார். மேற்கத்திய ஜோதிட முறைப்படி அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டால், சூரியன் முதல் சனி வரையிலான ஏழு கிரகங்களில் ஒன்றுகூட மேஷத்திலோ சிம்மத்திலோ தனுசிலோ இல்லை. அந்த மூன்றும் நெருப்பு ராசிகள். அதனால் இவர் 'நெருப்பு இல்லாதவர்' என்பார்கள் அங்குள்ள ஜோதிடர்கள். இப்படி ஒருவர் ஜாதகத்தில் எந்தத் தத்துவம் விடுபட்டிருக்கிறது, துணையின் ஜாதகம் அதைத் தருகிறதா என்று பார்ப்பது மேற்கத்தியப் பொருத்தத்தில் ஒரு முக்கியமான படி. நம் பத்துப் பொருத்தத்தில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

ராசிகளை நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று பிரிப்பது நமக்கும் பழக்கமானதுதான். மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு. ரிஷபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். இந்தப் பழைய பிரிவுக்கு மனோதத்துவ விளக்கம் கொடுத்துப் பெரிதாக வளர்த்தவர்கள் இருவர். 1975-ல் அமெரிக்கரான ஸ்டீபன் அரோயோ ஜோதிடத்தையும் மனவியலையும் நான்கு தத்துவங்களையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து லிஸ் கிரீன், உறவுகளைப் பற்றிய தன் நூலில் கார்ல் யூங்கின் கருத்தைக் கொண்டுவந்து இதில் சேர்த்தார். மனம் இயங்கும் வழிகளை யூங் நான்காகப் பிரித்திருந்தார். உள்ளுணர்வை நெருப்போடும், புலனறிவை நிலத்தோடும், சிந்தனையைக் காற்றோடும், உணர்ச்சியை நீரோடும் கிரீன் பொருத்தினார். நெருப்பு இல்லாதவருக்குத் தன்மேல் நம்பிக்கையும் உற்சாகமும் தானாக ஊறாது. நிலம் இல்லாதவருக்குப் பணம், உடம்பு, அன்றாடக் காரியங்கள் கைகூடாது. காற்று இல்லாதவருக்குச் சற்றே விலகி நின்று ஒன்றைப் பார்ப்பது கடினம். நீர் இல்லாதவருக்குத் தன் மனவலியே சீக்கிரம் தெரியாது. இந்த முறையில் சொல்லப்படுவது இவ்வளவுதான்.

கணக்குப் போடுவதற்கு முன் தமிழ் வாசகர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நம்முடையது நிராயண முறை, அவர்களுடையது சாயன முறை. இரண்டுக்கும் இன்று சுமார் 24 பாகை வித்தியாசம். ஒரு ராசி 30 பாகைதான் என்பதால், பெரும்பாலான கிரகங்கள் மேற்கத்தியக் கட்டத்தில் அடுத்த ராசிக்குப் போய்விடும். ராசிகளோ நெருப்பு, நிலம், காற்று, நீர் என்ற வரிசையிலேயே சுற்றி வருகின்றன. ஒரு ராசி நகர்ந்தாலே தத்துவம் மாறிவிடும். ஜூலை 1 நமக்கு ஆனி மாதம். ஆகவே நம் பஞ்சாங்கப்படி டயானாவின் சூரியன் மிதுனத்தில், அதாவது காற்றில் இருக்கிறார். மேற்கத்திய முறையில் அதே சூரியன் கடகத்தில், நீரில். ஒரு முறையின் கட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு முறையின் பலனைப் படித்தால் வருவது இரண்டிலும் சேராத பலன்தான்.

இப்போது டயானாவின் ஏழு கிரகங்களையும் எண்ணுவோம். சூரியனும் புதனும் கடகத்தில், நீர் இரண்டு. சந்திரனும் குருவும் கும்பத்தில், காற்று இரண்டு. சுக்கிரன் ரிஷபத்தில், செவ்வாய் கன்னியில், சனி மகரத்தில், நிலம் மூன்று. நெருப்பு பூஜ்யம். யுரேனஸ் சிம்மத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். யுரேனஸ் ஒரு ராசியில் ஏழு ஆண்டுபோலத் தங்கும் கிரகம். டயானாவோடு பள்ளியில் படித்த அத்தனை பேருக்கும் அது சிம்மத்தில்தான் இருந்திருக்கும். நெப்டியூனும் புளூட்டோவும் அதைவிட நிதானம். அதனால் தனி மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதே முறை என்று பல ஜோதிடர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

லக்னத்தில்தான் சிக்கல் வருகிறது. மாலை ஏழே முக்காலுக்கு லக்னம் தனுசு, நெருப்பு ராசி. லக்னத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுப்பவர்கள், டயானாவிடம் நெருப்பு சிறிதாவது இருக்கிறது என்பார்கள். ஆனால் அவர் பிறந்தது பகல் இரண்டு மணிக்கு என்றும் முன்பு ஒரு நேரம் சொல்லப்பட்டு வந்தது. அந்த நேரத்துக்கு லக்னம் துலாம், காற்று. கிரகங்களின் ராசி ஒன்றுகூட மாறாது. ஆனாலும் 'நெருப்பு கொஞ்சம் உண்டு' என்பது 'நெருப்பு அறவே இல்லை' என்று ஆகிவிடும்.

சார்லஸ் 1948 நவம்பர் 14 இரவு 9.14-க்கு லண்டனில் பிறந்தார். சூரியனும் புதனும் விருச்சிகத்தில், சந்திரன் ரிஷபத்தில், சனி கன்னியில், சுக்கிரன் துலாத்தில், செவ்வாயும் குருவும் தனுசில். நீர் இரண்டு, நிலம் இரண்டு, நெருப்பு இரண்டு, காற்று ஒன்றே ஒன்று. அறவே இல்லாத தத்துவம் எதுவும் இல்லை. குறைவாக இருப்பது காற்று. இங்கேயும் நேரம் விளையாடுகிறது. அவருடைய சந்திரன் ரிஷபத்துக்குள் அப்போதுதான் நுழைந்திருக்கிறது, அரைப் பாகைகூடக் கடக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் பிறந்திருந்தால் சந்திரன் மேஷத்தில் இருந்திருக்கும். நெருப்பு மூன்றாகி, நிலம் ஒன்றாகக் குறைந்திருக்கும். பிறந்த நேரத்தைச் செவிலியர் குறித்தாரா, வீட்டார் நினைவிலிருந்து சொன்னாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் இந்தக் கணக்கில் இறங்கக் கூடாது.

இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் வைத்தால் ஜோதிடர் முகம் மலர்ந்துவிடும். அவருக்கு இல்லாத நெருப்பு இவரிடம் இரண்டு கிரகங்களாக இருக்கிறது, லக்னமும் சிம்மம். இவருக்குக் குறைவான காற்று அவருடைய சந்திரனாகவும் குருவாகவும் இருக்கிறது. இன்னும் ஒரு படி நெருங்கியும் பார்ப்பார்கள். கொடுக்கும் கிரகம் வாங்குபவரின் ஜாதகத்தில் முக்கியமான புள்ளி ஒன்றைத் தொட்டால் அது வெறும் எண்ணிக்கையாக நிற்காமல் நேரே உணரப்படும் என்பது அவர்கள் கொள்கை. சார்லஸின் செவ்வாய் தனுசில் 20-ஆம் பாகையையொட்டி நிற்கிறது. டயானாவின் லக்னம் தனுசில் 18-ஆம் பாகையையொட்டி விழுகிறது. இதைவிட அழுத்தமான இணைப்பை ஜோதிடர்கள் கேட்க மாட்டார்கள்.

1981 ஜூலை 29 அன்று திருமணம். 1992 டிசம்பரில் பிரிவதாக அறிவிப்பு. 1996 ஆகஸ்டில் விவாகரத்து.

இதை வைத்து முறையே பொய் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அதன் நல்ல ஆசிரியர்கள் சொன்னதை முழுதாகப் படித்தவர்கள் அப்படி அவசரப்பட மாட்டார்கள். 'இல்லாததைத் துணை தரும்' என்பது அவர்கள் சொன்னதில் முதல் பாதி மட்டுமே. தன்னிடம் இல்லாததை இன்னொருவரிடம் காணும்போது மயக்கம் வருகிறது, அதனால் நெருங்குகிறோம் என்பது லிஸ் கிரீன் சொல்வது. பிறகு அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுகிறோம். துணிவது, முடிவெடுப்பது, நாலு பேர் முன்னால் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாளாக நாளாக எது பிடித்ததோ அதுவே உறுத்துகிறது. உற்சாகம் என்று தெரிந்தது முரட்டுத்தனமாகவும், நிதானம் என்று தெரிந்தது உயிரற்றதாகவும் படத் தொடங்குகிறது. ஆக, இந்தக் கணக்கு ஈர்ப்பு எங்கே பிறக்கிறது என்று சொல்லப் பார்க்கிறதே தவிர, திருமணம் நிலைக்கும் என்று உத்தரவாதம் தரவில்லை. இதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 'உங்களுக்கு நிலம் இல்லை, மகர ராசிக்காரராகப் பாருங்கள்' என்று வரன் தேடுபவர்களுக்குச் சொல்வது எனக்குக் கவலை தருகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்த அரைப் பேச்சில் முடிவாகிவிடக் கூடாது.

சார்லஸ் 2005 ஏப்ரலில் கமிலாவை மணந்தார். கமிலா 1947 ஜூலை 17 அன்று பிறந்தவர். சூரியன், சந்திரன், சுக்கிரன் மூன்றும் கடகத்தில், குரு விருச்சிகத்தில், ஜாதகமே நீர். நில ராசியில் ஒரு கிரகமும் இல்லை. சார்லஸின் சந்திரனும் சனியும் அவருக்கு நிலத்தைத் தருகின்றன என்று சொல்லலாம். ஆனால் சார்லஸுக்குக் குறைவான காற்றில் கமிலாவிடம் இருப்பது மிதுனச் செவ்வாய் ஒன்றுதான். கொடுக்கல் வாங்கல் கணக்கில் டயானாதான் மேல். நிலைத்தது மற்றதுதான். விருச்சிகச் சூரியனும் கடகச் சூரியனும் ஒரே நீர், இரண்டு பேரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் என்று இதற்கும் விளக்கம் உண்டு. இல்லாதது கிடைத்தாலும் பொருத்தம், இருப்பதே மீண்டும் கிடைத்தாலும் பொருத்தம் என்றால், எந்த ஜோடியைத்தான் இந்த முறை வேண்டாம் என்று சொல்லும்?

இந்தக் கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஏழு கிரகங்களும் நான்கு தத்துவங்களில் தம் போக்கில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட தத்துவத்தில் ஒரு கிரகமும் விழாமல் போவதற்கான வாய்ப்பு, ஏழு முக்கால்களை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. நூற்றுக்குச் சுமார் 13. நான்கில் ஏதோ ஒன்றாவது விடுபட்டுப் போக வாய்ப்பு ஏறக்குறைய பாதி. புதனும் சுக்கிரனும் சூரியனை விட்டு அதிக தூரம் போவதில்லை, அதனால் உண்மையில் இன்னும் சற்று அதிகமாகவே விடுபடும். 'எனக்கு நெருப்பு இல்லை' என்பது அபூர்வமான குறையே அல்ல. மறுபக்கம் பாருங்கள். தெருவில் போகும் யாரை நிறுத்தினாலும் அவரிடம் நெருப்பு ராசியில் ஒரு கிரகமாவது இருக்க வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 87. இரண்டு கிரகமாவது வேண்டும் என்று கெடுபிடி செய்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறிவிடுவார்கள். யாரை மணந்தாலும் பெரும்பாலும் 'இல்லாதது கிடைத்துவிட்டது' என்றே வரும்.

கிரகங்கள் ஏழையும் வைத்துப் பெரிய அளவில் யாரும் சோதித்ததை நான் படித்ததில்லை. சூரிய ராசியை மட்டும் வைத்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வோவாஸ் 2007-ல் சோதித்தார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடித் தம்பதிகளின் பிறந்த நாள்களை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ராசியாக 144 ஜோடிச் சேர்க்கைகள். நெருப்பும் காற்றும், நிலமும் நீரும் என்று சேரும் எந்தச் சேர்க்கையும் தற்செயலாக வரவேண்டிய அளவைவிடக் கூடுதலாக இல்லை. கணவனும் மனைவியும் ஒரே ராசி என்ற ஜோடிகள் சற்று அதிகம் தென்பட்டன. அதன் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். படிவம் நிரப்பியவர்களில் சிலர் துணையின் பிறந்த நாள் இருக்க வேண்டிய கட்டத்தில் தவறுதலாகத் தங்கள் பிறந்த நாளையே எழுதியிருந்தார்கள்.