யாரோ படித்த புத்தகம்: பழைய புத்தகக் கடைக்கு ஒரு விளம்பர வாசகம்

எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் பழைய புத்தகக் கடை நடத்தி வருகிறார். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில், 50,000 ரூபாய் வரம்பிற்குள் கடன் பெற்று, அலமாரிகளையும் பெயர்ப்பலகையையும் புதுப்பிக்க முனைந்தார். பலகையில் கடையின் பெயருக்குக் கீழே எந்த வாசகத்தை எழுதுவது என்பதில்தான் அவருக்குத் தயக்கம். ஒருமுறை எழுதிவிட்டால் பல ஆண்டுகளுக்கு மாற்ற இயலாது.

அவர் கடைக்கு இருவகையினர் வருகின்றனர். கல்லூரி திறக்கும் மாதங்களில் மாணவர்கள் பாடநூல்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் தேடி வருவர். மற்ற மாதங்களில், இளமையில் படித்த புதினங்களையும் வார இதழ்த் தொடர்களின் பைண்டு செய்த தொகுப்புகளையும் தேடி மூத்தோர் வருவர். கொல்கத்தாவின் காலேஜ் தெருவிலும், தில்லியின் தரியாகஞ்ச் ஞாயிறு சந்தையிலும், 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டிலும் இவ்விரு சாராரையும் ஒரே கடை வாசலில் காண முடிந்தது. முன்னவருக்கு வேண்டியது குறைந்த விலை. பின்னவருக்கு வேண்டியது கிடைக்காத நூல்.

அவர் முதலில் எழுதிய வாசகம், 'குறைந்த விலை, நிறைந்த அறிவு' என்பது. எதுகை அமைந்துள்ளது, ஆயினும் புதுப் புத்தகங்களைத் தள்ளுபடியில் விற்பவரும் இதையே எழுதிக்கொள்ளலாம். மேலும், தம் வீட்டு நூல்களை இக்கடைக்குத் தர எண்ணும் முதியவருக்கு 'குறைந்த விலை' என்ற சொல், தமக்கும் குறைவாகவே கிடைக்கும் என்று தோன்றச் செய்யும். சரக்கு வரும் வழியையே அது அடைத்துவிடும்.

அடுத்து, 'நினைவுகளின் நூலகம்' என்றார். மூத்தோர் மகிழ்வர். மாணவர்களோ இதை இரவல் தரும் இடமென்று எண்ணிக் கடந்து செல்வர்.

மூன்றாவதாக, இருவரையும் சேர்த்து, 'பாதி விலையில் பாடநூல், பழைய நினைவில் கதைநூல்' என்று எழுதினார். இதில் இரண்டு குறைகள் உள்ளன. தேவை மிகுந்த அண்மைப் பதிப்புகளைப் பாதி விலைக்குத் தர இயலாது. காப்பாற்ற முடியாத உறுதிமொழியைப் பலகையில் எழுதுவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறிப்பிடும் தவறான விளம்பரமாகக் கருதப்படக்கூடும். அன்றியும், வாசகத்தைப் படிப்பவர் தமக்குரிய பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுவார்.

இரு சாராருக்கும் தனித்தனியே ஒன்றைச் சொல்வதைவிட, இருவருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்வதே வழி. கடையிலுள்ள ஒவ்வொரு நூலும் முன்பே ஒருவர் கையில் இருந்தது என்பதே அந்தப் பொதுமை. இதற்குத் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது: தேர்வுக்குப் பயில்வதும் 'படித்தல்', கதை வாசிப்பதும் 'படித்தல்'. இவ்வாறு அமைந்தது இறுதி வாசகம்:

'யாரோ படித்த புத்தகம், இனி உங்களுடையது.'

மாணவர் இதில், தமக்கு முன் ஒருவர் பயின்று, முக்கிய வரிகளுக்கு அடிக்கோடிட்ட நூலைக் காண்கிறார். மூத்தவர், முதல் பக்கத்தில் யாரோ எழுதிய பெயரையும் தேதியையும் நினைக்கிறார். பழைய நூல் என்பதும், விற்பனைக்கு உரியது என்பதும் மறைக்கப்படாமல் விளங்குகின்றன. விலை பற்றிய உறுதிமொழி எதுவும் இல்லை.

சொற்கள் ஐந்தே. பெயர்ப்பலகை எழுதுவோர், பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று கணக்கிடுவர். முப்பதடிச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எளிதில் படிக்க மூன்று அங்குல எழுத்து தேவை. சொற்கள் கூடினால் எழுத்துகள் சிறுத்துப்போகும். வாசகத்தை முடிவு செய்யுமுன், கடையை அறியாத சிலரிடம் ஒரு தாளில் சில நொடிகள் காட்டி, 'இங்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்பது நல்லது. 'பழைய புத்தகம்' என்ற விடை உடனே வராவிட்டால் வாசகத்தைத் திருத்த வேண்டும்.

ஒரே வாசகம் அனைத்தையும் சுமக்க இயலாது. பாடத்திட்டம் மாறிய பின் பழைய பதிப்பை வாங்கிச் சென்ற மாணவர் மறுநாளே திரும்பி வருவார். எனவே ஒவ்வொரு பாடநூலிலும் பதிப்பு ஆண்டையும் விலையையும் எழுதிய சீட்டு இருத்தல் வேண்டும். பருவந்தோறும் மாறும் செய்திகளை, 'பாடநூல்கள் வாங்கப்படும்' என்பது போல, தனியே தொங்கும் சிறு பலகையில் எழுதலாம்.

வாசகத்தைப் பிறர் பயன்படுத்தாமல் காக்க விரும்புவோர், வணிகக் குறிச் சட்டம், 1999-இன்கீழ், சில்லறை விற்பனைச் சேவைகளுக்குரிய 35-ஆம் வகுப்பில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 'பழைய புத்தகங்கள் இங்கு கிடைக்கும்' என்பது போலத் தொழிலை விவரிக்க மட்டுமே செய்யும் வாசகத்துக்குப் பதிவு கிடைப்பது அரிது. விண்ணப்பிக்குமுன், அதே வாசகம் முன்பே பதிவாகியுள்ளதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தல் வேண்டும். பலகை எழுதுபவருக்கு முன்பணம் தருவதற்கு முன்னரே அதைச் செய்துவிடுவது செலவை மிச்சப்படுத்தும்.