முப்பது நொடியில் ஒரு நகைக்கடை

வானொலியில் நகையைக் காட்ட முடியாது. முப்பது நொடி விளம்பரம் எழுதுபவருக்கு முதல் சிக்கல் இதுதான். கடைக்காரரோ செய்கூலி தள்ளுபடி, 916 ஹால்மார்க், வெள்ளி, வைரம், பழைய நகை மாற்று, தொலைபேசி எண் என எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார். அத்தனையையும் திணித்தால் அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் ஓடுவார். கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. நிதானமாகப் பேசினால் முப்பது நொடிக்கு ஐம்பது தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கல் பதித்த நகை வாங்குவோருக்கு ஒரு பயம் உண்டு: கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடுவார்களோ? அந்தப் பயத்தையே விளம்பரமாக்கலாம்.

(நகைப் பெட்டி திறக்கும் ஒலி)
அம்மா: அட்டிகை நல்லாருக்கு தம்பி. எவ்வளவு எடை?
கடைக்காரர்: மொத்தம் இருபது கிராம்மா. அதுல கல்லு ரெண்டு கிராம்.
அம்மா: அப்போ தங்கம்?
கடைக்காரர்: பதினெட்டுதான். அதுக்கு மட்டும்தான் தங்க விலை.
அம்மா: நான் கேக்க நினைச்சேன், நீங்களே சொல்லிட்டீங்க!
அறிவிப்பாளர்: கல் எடை தனி, தங்க எடை தனி. பில்லுலயே பாருங்க. (கடைப் பெயர்), தேரடி வீதி. (கடைப் பெயர்): தங்கத்தையும் எடை போடுங்க, எங்களையும் எடை போடுங்க!

உரையாடலுக்குப் பதினைந்து நொடி போகும். மீதியில் அறிவிப்பாளர் அவசரப்படாமல் பேசலாம். அன்றைய தங்க விலையைச் சேர்க்கவில்லை; அது நாளுக்கு நாள் மாறும், விளம்பரமோ வாரக்கணக்கில் ஓடும். ஆட்டோவில் கேட்பவர் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளப் போவதில்லை. தேரடி வீதி என்றால் வழி தெரிந்துவிடும்.

முழக்க வரியில் ‘எடை போடுங்க’ இரண்டு முறை வருகிறது, ஓசையும் ஒன்றே. ஒருமுறை கேட்டாலே வாயில் வந்துவிடும். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வரி நினைவிருந்து கடைப் பெயர் மறந்துபோனால், காசு போட்டது ஒருவர், வாடிக்கையாளர் போவது பக்கத்துக் கடைக்கு. அதனால்தான் பெயர் வரியை ஒட்டியே நிற்கிறது. ஒலிப்பதிவின்போது இரண்டுக்கும் நடுவே இசையைப் புகுத்த விடக்கூடாது.

சோதிப்பதும் எளிது. வீட்டில் யாரையாவது வேலைக்கு நடுவே ஒருமுறை கேட்கவைத்து, அரை மணி கழித்து, “எந்தக் கடை?” என்று மட்டும் கேளுங்கள். அட்டிகையும் கல்லும் நினைவிருந்து பெயர் வரவில்லையென்றால், அம்மாவின் கடைசி வசனத்தை எடுத்துவிட்டு அங்கே கடைப் பெயரைச் சொல்லவைக்க வேண்டும்.