முப்பது நாள் தாண்டினாலும் கேட்கலாம்

வீட்டில் ஒருவர் விபத்தில் இறந்துபோனால், காரியங்கள் முடிந்ததும் யாராவது ஒருவர் அவருடைய வங்கிப் பாஸ்புக்கைக் கொண்டுபோய்ப் பதிந்து பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் கழிந்து, பக்கத்தில் PMSBY என்று அச்சாகியிருந்தால், அந்தக் குடும்பம் 2 லட்சம் ரூபாய் கேட்க வழி இருக்கிறது.

அந்த எழுத்துகள் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தைக் குறிப்பவை. 2015-ல் வந்த திட்டம் இது. 18 முதல் 70 வயது வரை உள்ள, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் சேரலாம். தொடக்கத்தில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆனது. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணின் பார்வையோ போனால் 1 லட்சம்.

பணம் தானாகவே கழிந்துவிடுவதால் சேர்ந்தவருக்கே பல நேரம் அது நினைவில் இருப்பதில்லை. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்க வாய்ப்பு இன்னும் குறைவு. விஷயம் தெரிந்து அவர்கள் வங்கிக்குப் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அங்கே அவர்கள் கேட்கும் முதல் பதில், "முப்பது நாள் தாண்டிவிட்டது."

அந்த முப்பது நாள் எதற்காக?

திட்டத்தின் நடைமுறை விதி சொல்வது இதுதான்: விபத்து நடந்த 30 நாளுக்குள், கூடுமானவரை, கோரிக்கைப் படிவத்தை வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். அதற்குள் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று அது சொல்லவில்லை. விபத்து உண்மையில் நடந்ததா, அதனால்தான் மரணமா என்பதைச் சாட்சிகளும் ஆவணங்களும் கைக்கு எட்டும்போதே சரிபார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த கெடு அது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட அதன் சுற்றறிக்கை, தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சொன்னது. தாமதத்தின் காரணத்தை விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். உரிய நேரத்தில் வந்திருந்தாலும் இதை நிராகரித்திருப்போம் என்று நிறுவனம் தனக்குத்தானே உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகே மறுக்கலாம். 2017-ல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பார்வையை ஏற்றது. காரணம் திருப்தியாக விளக்கப்பட்டிருந்தால், சரிபார்க்கப்பட்ட உண்மையான கோரிக்கையைத் தாமதத்துக்காகத் தள்ளக் கூடாது என்றது.

ஐந்து மாதம் தாமதமான ஒரு கோரிக்கை

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்று பார்க்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் பறிக்கும் தொழிலாளி ஒருவர். 2025 நவம்பர் 3-ம் தேதி மரத்திலிருந்து விழுகிறார். அன்றே அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 6-ம் தேதி இறந்துபோகிறார். போலீஸில் வழக்குப் பதிவாகிறது. பிரேதப் பரிசோதனையும் நடக்கிறது. ஆனால் அறிக்கை மனைவியின் கைக்கு வருவது பிப்ரவரி 10-ல். ஏப்ரல் 6-ம் தேதி வேறு வேலையாக வங்கிக்குப் போனவர் கணவரின் பாஸ்புக்கையும் பதிகிறார். முந்தைய மே மாதத்தில் 20 ரூபாய் போயிருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இரண்டு நாள் கழித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு படிவத்தோடு போகிறார்.

"முப்பது நாளுக்குள்ள வந்திருக்கணும்மா. இப்ப வாங்க முடியாது."

"இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்கு முந்தாநாள்தான் சார் தெரியும்."

பலர் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. வங்கியின் வேலை, பிரீமியம் கழிந்ததா, கணக்கு யாருடையது, நாமினி யார் என்பதைச் சரிபார்த்து, படிவத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது மட்டுமே. கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் நிறுவனத்துக்குத்தான். அதனால் தம்பி சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வாங்கிக்கிட்டதா நகல்ல ஒரு சீல் போட்டுக் குடுங்க சார். முடியாதுன்னா கம்பெனி எழுத்துல சொல்லட்டும்." அப்போதும் வாங்காவிட்டால் அதே ஆவணங்களைக் கிளை மேலாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பலாம். எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்கு அந்தச் சீலோ அஞ்சல் ரசீதோதான் ஆதாரம். நாளை வழக்கு என்று வந்தாலும் முதலில் பார்க்கப்படுவது அதுதான்.

தாமதத்தை விளக்கும் கடிதம்

படிவம், இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பாஸ்புக் நகல், நாமினியின் ஆதார் என்று எல்லாம் இருந்தாலும், தாமதமான கோரிக்கைக்கு இன்னொரு காகிதமும் வேண்டும். "குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தாமதமாகிவிட்டது" என்ற ஒரு வரி போதாது. விபத்து நடந்த நாளிலிருந்து படிவம் கொடுத்த நாள் வரை உள்ள இடைவெளி முழுவதற்கும் அதில் கணக்கு இருக்க வேண்டும். நம் குடும்பம் இப்படி எழுதலாம்:

"என் கணவர் 3.11.2025 அன்று மரத்திலிருந்து விழுந்து 6.11.2025 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கை 10.2.2026 அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அவர் இந்தக் காப்பீட்டில் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. 6.4.2026 அன்று பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு நாளில் இந்தக் கோரிக்கையைக் கொடுக்கிறேன். தாமதம் வேண்டுமென்றே செய்ததல்ல; அதைப் பொறுத்து, கோரிக்கையை அதன் தகுதியின் பேரில் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

இதில் ஒவ்வொரு தேதிக்கும் சான்று உண்டு. அறிக்கை வழங்கிய தேதி அதிலேயே இருக்கும். வங்கிக்கு எப்போது வந்தோம் என்பதைப் பாஸ்புக் பதிவிலிருந்து காட்ட முடியும். தெரிந்துகொண்ட பிறகு இரண்டே நாளில் வந்திருப்பது, அவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. தெரிந்த பிறகும் மூன்று மாதம் கழித்துப் போயிருந்தால் அந்த மூன்று மாதத்துக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

பலரும் பயப்படும் இன்னொன்று: கோரிக்கை கொடுப்பதற்குள் மே 31 வந்து, காப்பீட்டு ஆண்டே முடிந்துவிட்டால்? கவலைப்பட வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளில் காப்பீடு நடப்பில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்காதது இந்தக் கோரிக்கையைப் பாதிக்காது.

கடிதத்தால் சரிசெய்ய முடியாதவை

தாமதத்தை மன்னிக்க முடியும். ஆதாரம் இல்லாததை எந்தக் கடிதத்தாலும் ஈடுகட்ட முடியாது. மரத்திலிருந்து விழுந்தது, பாம்பு கடித்தது போன்றவற்றில், சம்பவம் நடந்த உடனே எழுதப்பட்ட மருத்துவமனைப் பதிவை இந்தத் திட்டம் கேட்கிறது. அரசு மருத்துவமனையில் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள் என்று அன்றே பதிவாகும் தாள் அது. பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், பரிசோதனையும் இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், பத்தாம் நாளே விண்ணப்பித்தாலும் பணம் கிடைப்பது கடினம்.

மாரடைப்பு போன்ற இயற்கை மரணத்துக்கும் தற்கொலைக்கும் இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் அந்த ஆண்டு பிரீமியம் கழியாமல் போயிருந்தாலும் கிடையாது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நிராகரிப்புக்கு அதுவே காரணமாக இருக்கும். தாமதத்தைப் பற்றி வாதாடிப் பயனில்லை. அதனால் மறுப்பு வந்தால், எந்தக் காரணத்துக்காக என்பதை முதலில் கவனமாகப் படிக்க வேண்டும்.

இனி வரும் கெடுக்கள் கறாரானவை

நிறுவனம் "தாமதம்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை பார்த்த 30 நாளைவிட இதற்குப் பிறகு வரும் கெடுக்கள்தான் முக்கியம்.

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்க்கும் பிரிவுக்கு, 2011 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், நிறுவனத்தின் ஆட்சேபத்தையும் கேட்டுவிட்டு இந்தத் தாமதத்தைப் பொறுக்கக் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இருக்காமல், முதல் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே ஓராண்டை எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

மற்றொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தாண்டினால் தனி மனு போட்டுப் போதிய காரணம் காட்ட வேண்டும். ஆணையம் ஏற்றால்தான் வழக்கு நடக்கும். மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு என்று வாதாட முடியும். ஆனால் கோரிக்கையே கொடுக்காமல் சும்மா இருந்தவருக்கு அந்த வாதம் கிடையாது. அதனால் எவ்வளவு தாமதமானாலும் முதலில் வங்கியில் கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நடந்துகொண்டிருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதை எடுக்க மாட்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் குறைதீர்ப்பாளரிடம் முதலில் போவது எளிது.

நம் உதாரணக் குடும்பத்தின் ஐந்து மாதத்தில் பெரும்பகுதி, கணவர் 20 ரூபாய் கட்டியிருந்தது மனைவிக்குத் தெரியாததால் போனது. இதைப் படிப்பவர்கள் தங்கள் பாஸ்புக்கில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று வங்கியில் கேட்டு, அந்த நாமினியிடமே விஷயத்தைச் சொல்லிவைத்தால், பின்னால் யாரும் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருக்காது.