தவறான தகவலைத் திருத்தும் வீடியோ: என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

ஜெர்மனியிலிருந்து இயங்கும் பிரபலமான அறிவியல் யூடியூப் சேனல் கூர்ட்ஸ்கெசாக்ட். 2019 மார்ச்சில் அது தன் பழைய வீடியோக்கள் இரண்டை நீக்கியது. ஏன் நீக்கினோம் என்று விளக்கித் தனியாக ஒரு வீடியோவும் போட்டது.

நீக்கியவற்றில் ஒன்று 2015-இல் வந்த போதைப் பழக்கம் பற்றிய வீடியோ. ஜோஹன் ஹாரி என்ற பத்திரிகையாளரின் கருத்தை அடியொற்றி எடுத்தது. கனடாவின் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் இறுதியில் எலிகளை வைத்துச் செய்த சோதனைதான் அதற்கு ஆதாரம். தனிக் கூண்டில் அடைபட்ட எலிகள் மார்ஃபின் கலந்த தண்ணீரை அதிகம் குடித்தன. விசாலமான இடத்தில் கூட்டமாக வாழ்ந்தவை குறைவாகவே குடித்தன. சோதனை நடந்தது உண்மை. ஆனால் பின்னால் அதைச் செய்துபார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. போதைக்கு மரபணுவும் மருந்தின் வேதியியலும்கூடக் காரணம். பல கருத்துகளில் ஒன்றையே முழு உண்மையாகக் காட்டியதுதான் தவறு. அதைச் சேனலே ஒப்புக்கொண்டது.

இதே தவற்றைத் தமிழ் யூடியூபர் ஒருவர் செய்திருந்தால், அவருடைய ஸ்கிரிப்ட் இப்படித் தொடங்கலாம்:

“போதைப் பழக்கத்துக்குத் தனிமைதான் காரணம்னு போன வருஷம் ஒரு வீடியோவுல சொன்னேன். அது தப்பு. தனிமையும் ஒரு காரணம், அவ்வளவுதான். உடம்பும் பரம்பரையும் சேர்ந்த விஷயம் இது. ஒரே ஒரு புத்தகத்தை நம்பி, டாக்டர் யாரையும் கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க. அதைப் பார்த்துட்டு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு உடனே டாக்டரைப் பாருங்க.”

மன்னிப்பு ஒரே ஒரு முறைதான் வருகிறது. எது தவறு, சரியானது எது, தவறு எப்படி நேர்ந்தது, இனி பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கே மீதி நேரம் போகிறது. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று ஆரம்பித்தால் தவறு பார்த்தவர் தலையில் விழுந்துவிடும். அழுது புலம்பினாலோ, பேச்சு தகவலை விட்டுப் பேசுபவரின் வேதனைக்குத் தாவிவிடும்.

பழைய வீடியோவை என்ன செய்வது என்பதையும் ஸ்கிரிப்ட் சொல்லியாக வேண்டும். யூடியூபில் அதே இணைப்பில் புதிய வீடியோவை மாற்றி வைக்க வழியில்லை. சிறு பிழை என்றால் தலைப்பின் கீழுள்ள விளக்கத்திலும், மேலே பொருத்திவைத்த கமென்ட்டிலும் திருத்தம் எழுதினால் போதும். அடிப்படையே தவறென்றால் நீக்குவதுதான் முறை.

கூர்ட்ஸ்கெசாக்ட் வீடியோவும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. அந்தப் போதை வீடியோ பற்றி இன்னொரு யூடியூபர் ஏற்கெனவே அவர்களிடம் கேள்வி எழுப்பியிருந்தார். அதைத் திருத்த வீடியோவில் சொல்லவில்லை என்பது புகார். தவற்றை யார் சுட்டிக்காட்டினார் என்பதும் ஸ்கிரிப்டில் இடம்பெற வேண்டும். ஒரு வரி போதும்.