வட்டம் சுருங்கினாலும் தொகை வளரும்

ஐ.பி.பி.எஸ். வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் கணிதப் பகுதிக்கு 20 நிமிடம்தான்; கேள்விகள் 35. அந்த அவசரத்தில் பலர் சறுக்கும் இடம், பட்டை வரைபடமும் வட்ட விளக்கப்படமும் சேர்ந்து வரும் கணக்கு.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். பட்டைகள் ஒரு வங்கியின் மொத்தக் கடனைக் காட்டுகின்றன: முதல் ஆண்டு 800 கோடி, அடுத்த ஆண்டு 1,000 கோடி. வட்டங்களில் வீட்டுக்கடனின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 22 ஆகிறது. வீட்டுக்கடன் எத்தனை சதவீதம் மாறியது?

வட்டத்தை மட்டும் பார்த்தால் ‘3 சதவீதம் குறைவு’ என்று கை போய்விடும். 25-க்கு 3 என்று கணக்கிட்டால் ‘12 சதவீதம் குறைவு’. இரண்டுமே விடைத் தெரிவுகளில் காத்திருக்கும். இரண்டுமே தவறு, ஏனென்றால் இரண்டு வட்டங்களும் ஒரே அளவில் வரையப்பட்டிருந்தாலும் அவை குறிக்கும் தொகைகள் வேறு. 800-இல் 25 சதவீதம் 200 கோடி. 1,000-இல் 22 சதவீதம் 220 கோடி. ஆக, 10 சதவீத உயர்வு.

பங்கு சதவீதத்துக்குப் பதில் பாகையில் இருந்தால் 3.6 பாகைக்கு 1 சதவீதம் என்று மாற்றுங்கள். எந்த வட்டத்தைத் தொடும் முன்பும் அதன் மொத்தத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.